ஏதாவது சொல்லி அனுப்பிடுங்க

எங்க ஆபீஸ் வாட்ஸப் குரூப்ல எம்.டி. சார் அதிகமா போடுற மெசேஜ் எதுன்னு எண்ணிப் பார்த்தா, இந்தத் தலைப்புதான் முதல்ல வரும்னு நெனைக்கிறேன். யாரோ ஒரு சேல்ஸ்காரர் விடாம கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு, குரூப்ல ஆளாளுக்கு கொதிப்பாங்க, கடைசில சார் வந்து "ஏதாவது சொல்லி அனுப்பிடுங்க"ன்னு போட்டுட்டு போயிடுவாரு. அந்த "ஏதாவது" என்னன்னு கண்டுபிடிச்சு எழுதி அனுப்புறது பர்ச்சேஸ்ல உக்காந்திருக்கிற என் வேலை.

நான் இருக்கிறது கிருஷ்ணகிரி பக்கத்துல ஒரு மாங்கூழ் பாக்டரி. ஜூன், ஜூலை வந்துட்டா பெங்களூரா லோடு கேட்டுக்கு வெளிய வரிசை கட்டி நிக்கும் (வெளியூர்ல தோத்தாபுரின்னு சொல்றதுதான், கிளிமூக்கு மாதிரி இருக்குமே அது). ராத்திரி பகல்னு பாக்காம லைன் ஓடும், யாருக்கும் தூக்கம் கிடையாது, அதனால யாருக்கும் பொறுமையும் கிடையாது. சேல்ஸ்காரங்க வர்றதும் சரியா அந்த நேரம்தான், ஏன்னா சீசன்லதான் முதலாளி பாக்டரிலயே இருப்பாரு, பணமும் பொரளும்னு அவங்களுக்கு தெரியும். அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது, மூடிக் கிடக்கிற பாக்டரிக்கு வந்து யார்கிட்ட பேசுறது.

இந்த சீசன்ல வந்த ஒரு கோடிங் மெஷின் கேஸை மட்டும் எடுத்து முழுசா சொல்றேன், ஏன்னா அதுல எல்லாமே இருந்துச்சு.

கோடிங் மெஷின்னா தெரியாதவங்களுக்காக, தண்ணி பாட்டில் மூடி கிட்ட, பிஸ்கட் பாக்கெட் முதுகுல புள்ளி புள்ளியா தேதியும் பேட்ச் நம்பரும் இருக்கும் பாருங்க, அதை அடிக்கிற இங்க்ஜெட் மெஷின். கன்வேயர்ல பொருள் ஓடிக்கிட்டே இருக்கும், தொடாமலே மையைப் பீச்சி எழுதிட்டுப் போயிடும், நிமிஷத்துக்கு நூத்துக்கணக்குல அடிக்கும். நல்ல மெஷின்தான், எங்களுக்குத்தான் வேலையில்ல. எங்க ஆளு ஒருத்தர் ஏதோ ஒரு ஆன்லைன் தளத்துல லேபிள் பிரிண்டர் ரேட் தேடும்போது நம்பரைக் கொடுத்துட்டாரு. அந்த மாதிரி தளங்கள்ல ஒரு என்கொயரி போட்டா அது ஒருத்தருக்கு மட்டும் போகாது, பல பேருக்கு போகும். அப்படி வந்தவருதான் இந்த ஓசூர் தம்பி.

குரூப்ல ஓடின பேச்சை அப்படியே தர்றேன், ரொம்ப மோசமா இருந்த சில வார்த்தைகளை மட்டும் எடுத்துட்டேன்.

ப்ரொடக்ஷன் அண்ணன்: அந்த கோடிங் மெஷின்காரன் மறுபடியும் கூப்பிடுறான். பல்ப்பர் சல்லடை கழட்டிட்டு நிக்கறேன், இவனுக்கு இப்ப டெமோ காட்டணுமாம். போனைத் தூக்கி பாய்லர்ல போட்டுடலாமான்னு இருக்கு.

அக்கவுண்ட்ஸ் அக்கா: கொட்டேஷன்ல ஜிஎஸ்டியே போடல. கேட்டா எக்ஸ்ட்ராங்கறான். நம்மள என்னன்னு நெனச்சிட்டு இருக்கான்.

ஸ்டோர்: கேட்டாண்ட வந்து குந்திகினு இருக்கான் சார். எம்.டி. வரச் சொன்னாருன்னு செக்யூரிட்டிகிட்ட சொல்லிகினு இருக்கான்.

எம்.டி.: நான் எப்ப வரச் சொன்னேன்?? பாக்கலாம்னு சொன்னேன் அவ்ளோதான்.

க்யூசி பொண்ணு: நமக்கு எதுக்குங்க சார் அது, நாம ட்ரம்முக்கு ஸ்டிக்கர்தானே ஒட்டுறோம்.

ப்ரொடக்ஷன் அண்ணன்: ஒன்பது மாசம் லைன் மூடிக் கிடந்தா அந்த மெஷின் நாசில் அடைச்சுக்கும். மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லி விடுங்க.

எம்.டி.: வேணாம், நாளைக்கு எதுக்காவது தேவைப்படுவான். மரியாதையா ஏதாவது சொல்லி அனுப்பிடுங்க.

இதைப் பார்த்தா வெறும் எரிச்சல் மாதிரி தெரியும். ஆனா நிதானமா படிச்சா இதுக்குள்ள நாலஞ்சு காரணம் கிடக்கு. வேலை நேரத்துல கூப்பிடுறான், கொட்டேஷன் சரியில்ல, சொல்லாம கேட்டுக்கு வர்றான், மெஷின் சும்மா கிடந்தா கெட்டுப்போகும், நமக்கு மெஷினே தேவையில்ல. இதுல எதை எடுத்து அவர்கிட்ட சொல்லணும், எதைச் சொல்லக்கூடாதுன்னு பிரிக்கிறதுலதான் பாதி வேலை. மரியாதையான வார்த்தை போடுறது அப்புறம், அது சுலபம்.

பிரிக்கிறதுக்கு நான் வச்சிருக்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். இந்தக் காரணத்தைச் சொன்னா அவர் திருப்பி என்ன சொல்லுவாரு? என் கூட பாலிடெக்னிக் படிச்ச ஒருத்தன் ரொம்ப வருஷம் சேல்ஸ்ல இருந்தவன், அவன்தான் இதைச் சொல்லிக் கொடுத்தான். அவங்களுக்கு ட்ரெய்னிங் கொடுக்கும்போதே கஸ்டமர் என்னென்ன சொல்லித் தட்டிக் கழிப்பாங்கன்னு பட்டியல் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் பதில் மனப்பாடம் பண்ண வச்சிடுவாங்களாம். விலை அதிகம்னா இஎம்ஐ, வேற ஆள்கிட்ட வாங்குறோம்னா ஒரு தடவை கம்பேர் பண்ணிப் பாருங்க, நேரம் இல்லைன்னா பத்தே நிமிஷம் சார். "நீங்க காரணம்னு நெனச்சு சொல்றது எங்களுக்கு அடுத்த கேள்விடா"ம்பான்.

அந்தக் கண்ணோட எங்க குரூப் பேச்சைப் பாருங்க. "சீசன்ல பிஸி"ன்னு சொன்னா, சீசன் எப்போ முடியும் சார்னு கேப்பாரு, ஆகஸ்ட்னு சொல்லுவோம், ஆகஸ்ட் கடைசில போன் வரும். "கொட்டேஷன்ல ஜிஎஸ்டி இல்ல"ன்னு அக்கா கோவத்தை அப்படியே எழுதினா, சாயங்காலத்துக்குள்ள ஜிஎஸ்டி போட்ட புது கொட்டேஷன் வந்து நிக்கும், கூடவே ஒரு டிஸ்கவுண்ட்டும். இப்ப நாம என்ன சொல்றது? நாம கேட்டதை அவர் செஞ்சு கொடுத்துட்டாரு, இனி வேண்டாம்னு சொன்னா நாமதான் ஏமாத்தின மாதிரி ஆயிடும். "நாசில் அடைச்சுக்கும்"னு அண்ணன் சொன்னது உண்மைதான், மை காய்ஞ்சு அடைக்கும், ஆனா அதுக்கும் அவங்ககிட்ட பதில் இருக்கு. நிறுத்தி வைக்கும்போது சால்வெண்ட் விட்டு கழுவி வைக்கலாம், தானே கழுவிக்கிற மாடல் இருக்கு, வருஷ ஏஎம்சி போட்டா எங்க இன்ஜினியர் வந்து பார்த்துக்குவாரு. ஏஎம்சின்னு ஒரு தனி வியாபாரத்துக்கு நாமளே வாசல் திறந்து விட்ட கதை.

கடைசில மிஞ்சுறது அந்த க்யூசி பொண்ணு சொன்ன ஒரு வரி. அவ எரிச்சலே படல, கேள்வியா கேட்டுட்டு போயிட்டா. யாரும் அதுக்கு பதில்கூட போடல. ஆனா அசைக்க முடியாத காரணம் அது ஒண்ணுதான். எங்ககிட்ட பாட்டில் லைனும் கிடையாது, டின் லைனும் கிடையாது. கூழை கிருமி போக சூடு பண்ணி, ஆற வச்சு, அசெப்டிக் பைல நிரப்பி, இரும்பு ட்ரம்முக்குள்ள இறக்குறோம். ஒரு ட்ரம் 215 கிலோ. மணிக்கு 5 டன் ஓடுதுன்னே வச்சுக்குங்க, 23 ட்ரம்தான் வரும், ஒரு ட்ரம்முக்கு ரெண்டரை நிமிஷம் ஆகுது. அந்த ரெண்டரை நிமிஷத்துல பேட்ச் நம்பர், தேதி, பிரிக்ஸ், அமிலம், எடை எல்லாம் போட்டு லேபிள் பிரிண்ட் எடுத்து, ட்ரம்ல ஒட்டி, மேல கையைத் தேய்ச்சு பாத்துட்டு ஒரு வாய் டீயும் குடிச்சிடலாம். நிமிஷத்துக்கு நூத்துக்கணக்குல அடிக்கிற மெஷினை இங்க கொண்டு வந்து வச்சா அது என்ன பண்ணும்? இதுக்கு டிஸ்கவுண்ட் கொடுத்தாலும் பதில் மாறாது, சீசன் முடிஞ்சாலும் மாறாது.

சரி, காரணம் கிடைச்சிடுச்சு. எழுதுறதுக்கு முன்னாடி எம்.டி. சார் ரூமுக்கு போய் ஒண்ணு மட்டும் கேட்டேன், சின்ன பவுச், பாட்டில் மாதிரி ஏதாவது ஆரம்பிக்கிற ஐடியா இருக்குதுங்களான்னு. அப்படி ஏதும் இல்லைன்னாரு. இதைக் கேக்காம எழுதினா, நான் ஒண்ணு எழுத அவர் ஏதோ கல்யாண வீட்டுல வேற ஒண்ணு சொல்லி வைக்க, மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இந்த மாதிரி நேரத்துக்குன்னு ஒரு பழைய லெட்டர் கிடக்கு, எந்தக் காலத்துல யார் அடிச்சதோ. அதுல இருக்கிறது இது:

"தங்கள் கொட்டேஷன் கிடைக்கப்பெற்றோம், மிக்க நன்றி. தற்போது பணிச்சுமை காரணமாக இது குறித்து முடிவெடுக்க இயலாத நிலையில் உள்ளோம். எதிர்காலத்தில் தேவை ஏற்படின் தங்களை நிச்சயம் தொடர்பு கொள்வோம்."

படிக்க ரொம்ப மரியாதையா இருக்கு. ஆனா இதை ஒரு சேல்ஸ்காரர் கண்ணால படிச்சுப் பாருங்க. "தற்போது"ன்னா பின்னாடி உண்டு. "முடிவெடுக்க இயலாத"ன்னா இன்னும் வேண்டாம்னு சொல்லல. "நிச்சயம்"னு வேற இருக்கு. என் நண்பன் சொன்னான், அவங்க கம்பெனி ஆப்ல ஒவ்வொரு கஸ்டமர் பேருக்கும் நேரா அடுத்து எப்ப பேசணும்னு ஒரு தேதி போட்டே ஆகணுமாம், இல்லைன்னா சேவ் ஆகாதாம். இந்த மாதிரி லெட்டர் வந்தா அவன் என்ன பண்ணுவான், ஒரு மாசம் தள்ளி ஒரு தேதி போடுவான். அந்தத் தேதி வந்தா ஆப் ஞாபகப்படுத்தும், அவன் கூப்பிடுவான், இங்க அண்ணன் குரூப்ல வந்து "மறுபடியும் கூப்பிடுறான்"னு கத்துவாரு. அந்த கஸ்டமர் பேரை லிஸ்ட்ல இருந்து எடுக்கணும்னா அவன் ஒரு காரணம் போட்டு மூடணும், விலை, வேற கம்பெனிகிட்ட வாங்கிட்டாங்க, பட்ஜெட் இல்ல, தேவை இல்ல, இப்படி நாலஞ்சுல ஒண்ணு. நாம அதுல எதையுமே தெளிவா சொல்லலைன்னா அவனால மூடவும் முடியாது, விடவும் முடியாது, மேனேஜர் திங்கக்கிழமை மீட்டிங்ல அந்த பேரைக் காட்டி என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. இது தெரிஞ்சதுல இருந்து எனக்கு அந்த "தற்போது" லெட்டர் மேல மரியாதை போயிடுச்சு. நம்ம ஊர்ல இல்லைன்னு சொல்ல கூச்சப்பட்டு "பாக்கலாம்"னு சொல்லி அனுப்புறோமே, உறவுக்காரங்களுக்குள்ள அது செல்லும், ரெண்டு பேருக்கும் அர்த்தம் தெரியும். டார்கெட் கழுத்துல தொங்குற பையனுக்கு அது ஒரு மாச பெட்ரோல் செலவு.

நான் அனுப்பினது இது. பையன் என்னைவிட ரொம்ப சின்னவன், நேர்ல தம்பின்னுதான் கூப்பிடுவேன், ஆனா எழுத்துல சார்தான், ஏன்னா அந்த மெசேஜை அவர் மேனேஜருக்கும் காட்டுவாரு.

"வணக்கம் சார். கோடிங் மெஷின் கொட்டேஷனை எங்க டீம்ல எல்லாரும் பார்த்துட்டோம். இந்த மெஷின் எங்களுக்கு வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம். நாங்க பாட்டில், டின் எதுவும் நிரப்புறதில்ல, 215 கிலோ ட்ரம் மட்டும்தான். ட்ரம்முக்கு லேபிள் பிரிண்ட் பண்ணி ஒட்டுறோம், அதுவே எங்களுக்குப் போதுமானதா இருக்கு. விலைக்காக சொல்லல, அதனால புது ரேட், டெமோ எதுவும் வேண்டாம். சின்ன பேக்கிங் லைன் போட்டா நானே உங்களைக் கூப்பிடுறேன். எம்.டி. சார் பாக்கலாம்னு சொன்னதை வச்சு நீங்க நேர்ல வந்தீங்க, அதுல கொஞ்சம் குழப்பம் ஆயிடுச்சு, உங்களுக்கு வீண் அலைச்சல். இனிமே வர்றதா இருந்தா எனக்கு ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டுட்டு வாங்க. ப்ரொடக்ஷன்ல இருக்கிறவங்க லைன்ல நிக்கறதால அவங்க நம்பருக்குக் கூப்பிட வேண்டாம், எதா இருந்தாலும் எனக்கே போடுங்க. மெனக்கெட்டு கொட்டேஷன் போட்டுக் கொடுத்ததுக்கு நன்றி."

இதுல "வேண்டாம்"ங்கிற வார்த்தை ரெண்டாவது வாக்கியத்துலயே, சரியா சொன்னா மூணாவதுல வந்துடுது. எழுதும்போது கை தானா அதைக் கடைசிக்குத் தள்ளும், முதல்ல நாலு வரி பாராட்டிட்டு அப்புறம் சொல்லலாம்னு தோணும். படிக்கிறவர் அந்த நாலு வரியைப் படிச்சிட்டு ஆர்டர்னு நெனச்சு சந்தோஷப்பட்டு அப்புறம் கீழ விழணும், அது எதுக்கு. நன்றியைக் கடைசில வச்சா அது நன்றியா மட்டும் இருக்கும்.

"நானே கூப்பிடுறேன்"னு சொன்னதும் பழைய லெட்டர்ல "எதிர்காலத்தில்"னு சொன்னதும் ஒண்ணுதானேன்னு அக்கவுண்ட்ஸ் அக்கா கேட்டாங்க. ஒண்ணு இல்ல. அங்க காலம் போனா போதும், மறுபடி கேக்கலாம். இங்க ஒரு விஷயம் நடந்தாதான் பேச்சே, அது நடந்துச்சான்னு வெளிய இருந்தே அவரால தெரிஞ்சுக்க முடியும், கூப்பிட வேண்டியது யாருன்னும் சொல்லியாச்சு.

கேட்ல நடந்ததைப் பத்தி எழுதுறதுதான் எனக்கு அதிக நேரம் பிடிச்சுது. ஸ்டோர்ல சொன்னதை வச்சுப் பார்த்தா அவர் பொய் சொன்ன மாதிரிதான் இருக்கு. எம்.டி. சார் சொன்னதை வச்சுப் பார்த்தா "பாக்கலாம்"னு ஒரு வார்த்தை அவர் வாயில இருந்து வந்திருக்கு. பாக்கலாம்னா நேர்ல பாக்கலாம்னு ஒருத்தன் எடுத்துக்கிட்டா அதைப் பொய்னு எப்படி சொல்றது. இப்படி ரெண்டு பக்கமும் இழுக்கிற இடத்துல "குழப்பம் ஆயிடுச்சு"ன்னு பொதுவா போட்டுட்டா யார் மேலயும் பழி விழாது, ஆனா அடுத்த தடவை கேட்டுட்டு வாங்கன்னு சொல்ல வேண்டியதைச் சொல்லிடலாம். அவர் பைக்ல ஓசூர்ல இருந்து ஹைவேல அம்பது கிலோமீட்டர் கிட்ட வந்திருக்காரு, அதுவும் லாரிக்கு நடுவுல. அலைச்சல்னு எழுதினது சும்மா உபசாரம் இல்ல.

நடுவுல இன்னொண்ணு, இதைச் சொல்லாம விட்டா மத்ததெல்லாம் வீண். குரூப்ல இருந்து எதையும் ஃபார்வர்ட் பண்ணியோ காப்பி பண்ணியோ பதில் தயார் பண்ணாதீங்க, அது ஒரு வரியா இருந்தாலும். அந்த க்யூசி பொண்ணு வரி நல்லாதானே இருக்குன்னு அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினா, கூடவே மேல இருக்கிற பாய்லர் வரியும் ஒட்டிக்கிட்டு வரும். மெயில்ல இது இன்னும் ஆபத்து. அவர் அனுப்பின கொட்டேஷன் மெயிலை எம்.டி. சார் அக்காவுக்கு ஃபார்வர்ட் பண்ணியிருப்பாரு, அக்கா "இவன் ரேட்டைப் பாருங்க"ன்னு அதுலயே பதில் போட்டிருப்பாங்க, அண்ணன் அதுக்குக் கீழ இன்னும் காட்டமா ஒண்ணு போட்டிருப்பாரு, இப்படியே அது வால் நீண்டு என்கிட்ட வரும். அந்தக் கடைசி மெயில்ல ரிப்ளை அழுத்தி, டூ-ல அவர் ஐடியைப் போட்டு அனுப்பினா, நம்ம மரியாதையான நாலு வரிக்குக் கீழ மொத்தக் கச்சேரியும் போய்ச் சேரும். அவர் அனுப்பின ஒரிஜினல் மெயிலைத் தேடி எடுத்து, அதுக்கு மட்டும் பதில் போடணும். இல்லைன்னா புதுசா ஒரு மெயில். வாட்ஸப்ல தப்பா போனா எல்லாருக்கும் அழிக்கிற வசதியாவது இருக்கு, அழிச்சதுக்கு ஒரு தடம் நிக்கும்ங்கிறது வேற விஷயம், அனுப்பிட்ட மெயிலுக்கு அதுவும் கிடையாது.

மெசேஜ் அனுப்பின கையோட குரூப்லயும் ஒண்ணு போட்டேன். அவருக்கு என்ன சொல்லியிருக்கேன்னு அப்படியே ஒட்டிட்டு, "யாருக்குக் கூப்பிட்டாலும் 'பர்ச்சேஸ்ல சொன்னதுதாங்க'ன்னு மட்டும் சொல்லுங்க, வேற எதுவும் சொல்ல வேண்டாம்"னு. ப்ரொடக்ஷன் அண்ணன் ஒரு தம்ஸ் அப் போட்டாரு. எம்.டி. சார்கிட்ட நேர்லயே சொன்னேன், அவருக்குத்தான் இது கஷ்டம், யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்ல வராது, பாக்கலாம்னு வந்துடும். "அவனே போன் பண்ணா என்ன சொல்றது"ன்னாரு. "என் பேரைச் சொல்லிடுங்க சார்"னேன். கெட்ட பேரு எனக்கு வந்தா பரவால்ல, அதுக்கும் சேர்த்துதானே சம்பளம்.

மறுநாள் பதில் வந்துச்சு. கும்புடுற எமோஜி ரெண்டு, "ஓகே சார் புரியுது"ன்னு ஒரு வரி, அதுக்குக் கீழ ஒரு பிடிஎஃப். "ட்ரம்முக்குன்னே பெரிய எழுத்துல அடிக்கிற மாடல் எங்ககிட்ட இருக்கு சார், ஒரே ஒரு டெமோ மட்டும்." அசைக்க முடியாத காரணம்னு நெனச்சதையே அசைச்சுப் பார்த்துட்டாரு, உண்மையிலேயே அப்படி மாடல் இருக்கு, அட்டைப் பெட்டி, சாக்கு, ட்ரம் மேல பெருசா அடிக்கிறது.

இந்த இடத்துலதான் பொதுவா எல்லாரும் வழுக்குவாங்க. எனக்கும் விரல் துடிச்சுது. வாங்குறவங்க கேக்குற விவரமெல்லாம் பத்து வரி வரும், அதை ட்ரம்மு மேல பெரிய எழுத்துல அடிக்க இடம் ஏது, பார்கோடு வேற வேணும், ட்ரம்மு வளைவு வேற, எப்படியும் லேபிள் ஒட்டித்தான் ஆகணும், அப்ப மெஷின் எதுக்குன்னு விளக்கலாம்தான். எல்லாம் சரியான காரணம்தான், ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிடிஎஃப் வரும். முதல் மெசேஜ்ல காரணம் சொன்னது மரியாதை, ரெண்டாவதுல புதுக் காரணம் சொன்னா அது பேரம். அதனால ரெண்டாவது எப்பவும் முதலை விடச் சின்னதா இருக்கணும்னு ஒரு பழக்கம் வச்சிருக்கேன்.

"பார்த்தேன் சார், நன்றி. எங்க முடிவு அதேதான், லேபிளே தொடருறோம்."

அவ்ளோதான். கேள்விக்குறி இல்ல, மன்னிக்கவும் இல்ல. மன்னிப்புக் கேட்டா நாம ஏதோ கடன்பட்ட மாதிரி ஆயிடும், அதை அடைக்கச் சொல்லி இன்னொரு போன் வரும்.

ஒரு வாரம் கழிச்சு அவங்க மேனேஜர் பெங்களூர்ல இருந்து நேரா ப்ரொடக்ஷன் அண்ணனுக்குக் கூப்பிட்டுட்டாரு. பாய்லர்ல போன் போடுற ஆளாச்சேன்னு எனக்கு பயம்தான். அண்ணன் "பர்ச்சேஸ்ல சொன்னதுதாங்க"ன்னு சொல்லி வச்சுட்டாராம். குரூப்ல வந்து "மரியாதையாத்தான் சொன்னேன், கால் ரெக்கார்டிங் வேணுமா"ன்னு வேற கேட்டாரு. ஆனா அந்த ஒரு வரியால ஒரு நல்லது நடந்துச்சு. நாலு பேர் நாலு விதமா சொல்லியிருந்தா, அதுல யார் இளகின ஆளோ அவங்களைப் பிடிச்சு மறுபடியும் உள்ள வந்திருப்பாங்க. எல்லார் வாயிலயும் ஒரே பதில் வந்ததும் மேனேஜருக்கே புரிஞ்சிருக்கும்.

இதுக்கு மேலயும் விடலைன்னா என்ன பண்றதுன்னு கேட்டா, எனக்கு ஒரு வரிசை இருக்கு. மூணாவதா பதில் போடுறதில்ல, ம்யூட் பண்ணிடுவேன். அதுக்கப்புறமும் லைன்ல நிக்கறவங்களைத் தொந்தரவு பண்ணா அவங்க மேனேஜருக்கு மெயில்ல ஒரு தடவை எழுதுவேன், அதுவும் அந்தப் பையனைப் போட்டுக் கொடுக்கிற மாதிரி இல்லாம, இந்த நம்பர்களை உங்க லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்கன்னு மட்டும். ப்ளாக் பண்றது கடைசி. நம்ம வட்டாரம் சின்னது, ஓசூர்ல இருந்து தருமபுரி வரைக்கும் பாக்டரி சாமான் விக்கிறவங்க திரும்பத் திரும்ப அதே ஆளுங்கதான், இன்னிக்கு கோடிங் மெஷின் விக்கிறவர் அடுத்த வருஷம் பாய்லர் கெமிக்கல் கம்பெனில இருப்பாரு.

லோன் வேணுமா, கிரெடிட் கார்டு வேணுமான்னு வர்ற போனுக்கு இவ்ளோ மெனக்கெடல் தேவையே இல்ல. அங்க பேசுறவருக்கு நம்ம பேர்கூட சரியா தெரியாது, நாம எழுதுற காரணத்தைப் படிக்க ஆளும் கிடையாது. 1909-க்கு போன் பண்ணியோ மெசேஜ் போட்டோ விளம்பர அழைப்பு வேண்டாம்னு பதிஞ்சுடணும், அப்புறமும் வந்தா அதே நம்பர்ல புகார் பண்ணலாம். இந்தத் தம்பி கதை வேற, என்கொயரி நம்ம பக்கத்துல இருந்து போனது, அவருக்கு வேண்டாம்னு முகத்தைப் பார்த்துச் சொல்ற கடமை நமக்கு இருக்கு.

மேனேஜர் போன் பண்ணின அதே வாரம் தம்பியே எனக்குக் கூப்பிட்டாரு. எடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு எடுத்தேன். "சார், மெஷின் பத்தி பேசலைங்க சார்"னு ஆரம்பிச்சாரு, பாவம். "உங்க கேஸை க்ளோஸ் பண்ணணும் சார், என்ன காரணம் போடட்டும்?"

"தேவை இல்லைன்னு போடுங்க தம்பி. விலைன்னு போட்டுடாதீங்க, அப்புறம் உங்க மேனேஜர் ரேட் குறைச்சு அனுப்பச் சொல்லுவாரு."

சிரிச்சாரு. "போட்டுட்டேன் சார்"னாரு, அங்க கீபோர்டு தட்டுற சத்தம் கேட்டுச்சு. போனை வைப்பாருன்னு பார்த்தா வைக்கல.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? லேபிள் பிரிண்ட் பண்றோம்னு எழுதியிருந்தீங்களே, அதுக்கு ரிப்பன் எங்கங்க சார் வாங்குறீங்க?"

எனக்கு ஒரு நிமிஷம் என்ன சொல்றதுன்னே தெரியல. ரிப்பன் எங்களுக்கு வேணும்தான், சீசன்ல ரோல் ரோலா தீரும், இப்ப வாங்குற இடத்துல போன மாசம்தான் ரேட் ஏத்தினாங்க. வேக்ஸ் ரெசின், 110 மில்லி அகலம், 300 மீட்டர்னு சொன்னேன். சாயங்காலம் ரேட் வந்துடுச்சு, அக்கா பார்த்துக்கிட்டு இருக்காங்க.